கோடு 5 வந்தும் ஆளுக்கு ஒரு வேலை அமையவில்லையே, ஏன்?

கேள்வி: பீன்யாவில் சின்ன மெஷின் ஷாப். 5 ஆள், 5 வேலை. ஒருத்தருக்கு கிரைண்டிங் தெரியாது. நிரையிலும் நிரலிலும் சின்ன எண்ணைக் கழித்துப் பூஜ்யம் கொண்டு வந்துவிட்டேன். கோடு போட்டால் ஒரு தடவை 4 வருகிறது, இன்னொரு தடவை 5 வருகிறது. 5 வந்தால் கணக்கு முடிந்தது என்கிறார்கள். ஆனால் ஆளுக்கு ஒரு வேலை அமையவே இல்லை. எங்கே தப்பு?

பதில்:

மொத்த நேரம் மிகக் குறையும்படி ஆளுக்கு ஒரு வேலையாகப் பிரித்துத் தரும் ஹங்கேரியன் முறையைத்தான் போட்டிருக்கிறீர்கள். கழித்தலில் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு. கோடு போட்டதில்தான் இருக்கும். "எல்லாப் பூஜ்யங்களையும் மறைக்கும் கோடுகள்" என்பது விதியில் பாதிதான். மறைக்கப் போதுமான *மிகக் குறைந்த* கோடுகள் என்பதுதான் முழு விதி. 4 கோட்டில் மறைக்க முடிகிற அட்டவணையில் 5 கோடும் போடலாம், 6 கூடப் போடலாம். அதற்கெல்லாம் அர்த்தம் கிடையாது. 4 போதும் என்று ஒரு தடவை வந்துவிட்டால், கணக்கு இன்னும் முடியவில்லை என்றே பொருள்.

எண்களை நீங்கள் தரவில்லை. அதனால் உங்கள் நிலைமைக்குப் பொருந்தும்படி ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறேன். ஐந்து ஆர்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு மெஷின். ஒரு லாட்டை முடிக்க ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரம் நிமிஷத்தில் இருக்கிறது. செட்டிங் நேரத்தையும் இதில் சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஒருவருக்குச் சேர்த்து இன்னொருவருக்கு விட்டுவிட்டால், பின்னால் கணக்கை எவ்வளவு சுத்தமாகப் போட்டாலும் விடை உதவாது.

| | லேத் | மில்லிங் | டிரில்லிங் | கிரைண்டிங் | டேப்பிங் |
|---|---|---|---|---|---|
| முருகன் | 40 | 49 | 42 | 53 | 44 |
| செல்வம் | 35 | 42 | 35 | – | 41 |
| ரவி | 33 | 38 | 30 | 41 | 33 |
| அந்தோணி | 51 | 49 | 49 | 51 | 45 |
| பாஷா | 40 | 42 | 45 | 47 | 38 |

செல்வத்துக்கு கிரைண்டிங் தெரியாது. அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் போட்டு, கடைசிவரை அதைத் தொடாமல் விடுங்கள். சிலர் காலியாக இருக்கிறதே என்று 0 எழுதிவிடுவார்கள். அப்படிச் செய்தால், தெரியாத வேலையை அவர் நொடியில் முடித்துவிடுவார் என்று கணக்கு எடுத்துக்கொண்டு, முதல் வேலையாக அவரைத்தான் அங்கே அனுப்பும். எண் போட்டே ஆக வேண்டுமென்றால் 999 போல, மற்ற எல்லாவற்றையும் விடப் பல மடங்கு பெரியதாக இருக்கட்டும். 60 என்றெல்லாம் போட்டால், அதை எடுத்தால் மொத்தம் குறைகிறபோது அதுவே விடைக்குள் நுழைந்துவிடும்.

இரண்டு கழித்தல்கள்

இது உங்களுக்குத் தெரிந்த பகுதி, வேகமாகப் போய்விடலாம். ஒவ்வொரு நிரையிலும் உள்ள மிகச் சிறிய எண்ணை அந்த நிரை முழுவதிலும் கழிக்கிறோம்: முருகனுக்கு 40, செல்வத்துக்கு 35, ரவிக்கு 30, அந்தோணிக்கு 45, பாஷாவுக்கு 38. பிறகு நிரல்களைப் பார்த்தால் லேத், டிரில்லிங், டேப்பிங் மூன்றிலும் ஏற்கெனவே பூஜ்யம் வந்திருக்கிறது. மில்லிங்கில் மிகச் சிறியது 4, கிரைண்டிங்கில் 6. அவற்றைக் கழித்த பிறகு:

| | லேத் | மில்லிங் | டிரில்லிங் | கிரைண்டிங் | டேப்பிங் |
|---|---|---|---|---|---|
| முருகன் | 0 | 5 | 2 | 7 | 4 |
| செல்வம் | 0 | 3 | 0 | – | 6 |
| ரவி | 3 | 4 | 0 | 5 | 3 |
| அந்தோணி | 6 | 0 | 4 | 0 | 0 |
| பாஷா | 2 | 0 | 7 | 3 | 0 |

இங்கே ஒரு காரியம் செய்து வையுங்கள். கழித்த எண்களை எல்லாம் தாளின் ஓரத்தில் கூட்டி எழுதுங்கள். 40 + 35 + 30 + 45 + 38 = 188. நிரல்களில் கழித்த 4 + 6 சேர்த்தால் 198. வேலையை எப்படிப் பிரித்துக் கொடுத்தாலும் ஒவ்வொரு நிரையிலிருந்தும் ஒரு கட்டம், ஒவ்வொரு நிரலிலிருந்தும் ஒரு கட்டம் எடுத்தே ஆக வேண்டும். ஆகவே இந்த 198 எந்த ஏற்பாட்டிலும் தப்பாது. மொத்தம் 198-க்குக் கீழே போகவே போகாது. பூஜ்யக் கட்டங்களிலேயே ஐந்து பேரும் அமைந்துவிட்டால் மொத்தம் சரியாக 198. இந்த ஓரக் கணக்கு பின்னால் விடையைச் சரிபார்க்கவும் பயன்படும்.

ஐந்து கோடு எப்படி வந்தது

கண்ணால் பார்த்துக் கோடு போடும்போது வழக்கமாக நடப்பது இதுதான். அந்தோணி நிரையில் மூன்று பூஜ்யம் இருக்கிறதே என்று முதல் கோடு அங்கே விழும். செல்வத்துக்கு இரண்டு பூஜ்யம், அங்கே ஒன்று. பாஷாவுக்கு இரண்டு, அங்கே ஒன்று. மிச்சம் முருகனின் லேத், ரவியின் டிரில்லிங். இவை இரண்டையும் ஒரே கோட்டில் மறைக்க முடியாது, ஆகவே ஆளுக்கொன்றாக இன்னும் இரண்டு. மொத்தம் ஐந்து.

முதல் கோட்டில் தப்பில்லை. செல்வத்தின் நிரையில் போட்டதுதான் வீண். லேத் நிரலில் ஒரு கோடு, டிரில்லிங் நிரலில் ஒரு கோடு போட்டிருந்தால் முருகன், செல்வம், ரவி மூவரின் பூஜ்யங்களும் இரண்டே கோட்டில் மறைந்திருக்கும். அந்தோணி, பாஷா நிரைகளையும் சேர்த்தால் நான்கு. பூஜ்யம் அதிகமுள்ள இடத்தில் முதலில் போடு என்று சொல்லித் தருவார்கள். செல்வம் நிரையிலும் இரண்டு, லேத் நிரலிலும் இரண்டு என்று சமமாக நிற்கும்போது அந்த வழி கைவிட்டுவிடும்.

அட்டவணையை வேறு விதமாகப் படித்துப் பார்த்தாலும் இது தெரியும். முருகன், செல்வம், ரவி மூவருக்கும் பூஜ்யம் இருப்பது லேத், டிரில்லிங் என்ற இரண்டே வேலைகளில். மூன்று பேர், இரண்டு வேலை, ஒருவர் வெளியே நிற்க வேண்டியதுதான். கோட்டின் எண்ணிக்கை சொல்வது இதைத்தான். ஒரே நிரையிலோ ஒரே நிரலிலோ இரண்டு வந்து இடிக்காமல் எத்தனை பூஜ்யங்களை எடுக்க முடியுமோ, அத்தனை கோடுதான் குறைந்தபட்சம் வேண்டும். 1931-இல் ஹங்கேரியைச் சேர்ந்த கோனிக்கும் எகெர்வாரியும் நிறுவிய முடிவு இது. 1955-இல் ஹரால்டு கூன் இதை வைத்து இந்த முறையை வகுத்தபோது, அவர்கள் நாட்டின் பெயரையே அதற்கு வைத்தார்.

கண்ணை நம்பாமல் கோடு போடுவது

கோட்டை முதலில் போடாதீர்கள். வேலையை முதலில் ஒதுக்கிப் பாருங்கள், கோடு அதிலிருந்து தானாக வரும்.

ஒரே ஒரு பூஜ்யம் உள்ள நிரையைத் தேடி, அந்தப் பூஜ்யத்தைச் சுற்றிப் பெட்டி போடுங்கள். அதே நிரலில் உள்ள மற்ற பூஜ்யங்களை அடித்துவிடுங்கள். முருகனுக்கு லேத் மட்டும், பெட்டி. செல்வத்தின் லேத் பூஜ்யம் அடிபடுகிறது. ரவிக்கு டிரில்லிங் மட்டும், பெட்டி. செல்வத்தின் டிரில்லிங் பூஜ்யமும் போய்விடுகிறது. இப்போது நிரல்களிலும் அப்படியே பாருங்கள். கிரைண்டிங்கில் ஒரே பூஜ்யம் அந்தோணியிடம், பெட்டி. அவருடைய மில்லிங், டேப்பிங் பூஜ்யங்கள் அடிபடும். பாஷாவுக்கு மில்லிங், டேப்பிங் இரண்டும் மிச்சம், எதை எடுத்தாலும் சரி. மில்லிங்கில் பெட்டி போடுவோம். நான்கு பெட்டி, செல்வம் வெறுங்கையோடு நிற்கிறார்.

இனி டிக் போடும் வேலை. பெட்டி இல்லாத நிரைக்கு டிக்: செல்வம். டிக் போட்ட நிரையில் பூஜ்யம் எந்தெந்த நிரலில் இருக்கிறதோ அவற்றுக்கு டிக்: லேத், டிரில்லிங். அடித்துவிட்ட பூஜ்யத்தையும் இங்கே கணக்கில் சேர்க்க வேண்டும். பலர் வழுக்கும் இடம் இது. அடித்தது ஒதுக்கீட்டுக்காகத்தான், பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கிறது. அடுத்து, டிக் போட்ட நிரலில் பெட்டி எந்த நிரையில் இருக்கிறதோ அதற்கு டிக்: லேத்தில் முருகன், டிரில்லிங்கில் ரவி. அவர்கள் நிரைகளில் வேறு நிரலுக்கு இட்டுச் செல்லும் பூஜ்யம் இல்லை. நிறுத்திக்கொள்ளலாம்.

கோடு போட வேண்டியது டிக் *இல்லாத* நிரைகளிலும், டிக் *உள்ள* நிரல்களிலும். அதாவது அந்தோணி, பாஷா, லேத், டிரில்லிங். நான்கு கோடு, நான்கு பெட்டி. இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் மேலே போகாமல் டிக்குகளைத் திரும்பப் பாருங்கள். டிக் போட்டுப் போகிற வழியில் பெட்டியே இல்லாத ஒரு நிரலில் போய் நின்றால் அது தப்பல்ல, லாபம். இன்னும் ஒருவருக்கு வேலை கொடுக்க வழி இருக்கிறது என்று பொருள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கீழே வருகிறது.

நான்கு வந்த பிறகு

கோடு படாத கட்டங்களை மட்டும் பாருங்கள். முருகன், செல்வம், ரவி மூவருக்கும் மில்லிங், கிரைண்டிங், டேப்பிங். அவற்றில் மிகச் சிறியது 3. கோடு படாத எல்லாக் கட்டங்களிலும் 3 கழியுங்கள். இரண்டு கோடுகள் வெட்டும் கட்டங்களில் 3 கூட்டுங்கள். ஒரே கோடு படும் கட்டங்களைத் தொட வேண்டாம்.

| | லேத் | மில்லிங் | டிரில்லிங் | கிரைண்டிங் | டேப்பிங் |
|---|---|---|---|---|---|
| முருகன் | 0 | 2 | 2 | 4 | 1 |
| செல்வம் | 0 | 0 | 0 | – | 3 |
| ரவி | 3 | 1 | 0 | 2 | 0 |
| அந்தோணி | 9 | 0 | 7 | 0 | 0 |
| பாஷா | 5 | 0 | 10 | 3 | 0 |

வெட்டும் இடத்தில் ஏன் கூட்ட வேண்டும்? நாம் உண்மையில் செய்தது, கோடு படாத மூன்று நிரைகளிலும் முழுசாக 3 கழித்து, கோடு பட்ட இரண்டு நிரல்களில் முழுசாக 3 கூட்டியது. முருகனின் லேத்தில் கழித்ததும் கூட்டியதும் சரியாகிவிட்டன, அதனால் 0 அப்படியே நிற்கிறது. அந்தோணியின் லேத்தில் கழிக்கவே இல்லை, கூட்டல் மட்டும்தான், அதனால் 6 என்பது 9 ஆனது. நிரை முழுவதும், நிரல் முழுவதும் ஒரே எண்ணால் மாற்றும்வரை எந்த ஏற்பாடு சிறந்தது என்பது மாறாது. கூட்டலை மறந்தால் அந்த உறவு அறுந்துவிடும். இந்தக் கணக்கில் மறந்தாலும் விடை அதேதான் வரும், அதுதான் ஆபத்து. இரண்டு மூன்று சுற்று போக வேண்டிய அட்டவணையில், இல்லாத பூஜ்யங்கள் முளைத்துத் தவறான ஆளிடம் வேலை போய்ச் சேரும்.

இன்னொரு வழக்கமான தவறு, அட்டவணை முழுவதிலும் சிறிய எண்ணைத் தேடுவது. இங்கே அப்படித் தேடினால் முருகனின் டிரில்லிங்கில் உள்ள 2 அகப்படும். அது கோடு பட்ட கட்டம். 2 கழித்தால் கணக்கு கெடாது, ஆனால் புதிதாக ஒரு பூஜ்யமும் பிறக்காது. ஒரு சுற்று வீண். கழித்த பிறகு கோடு படாத இடத்தில் புதுப் பூஜ்யம் வரவில்லை என்றால், தவறான எண்ணை எடுத்திருக்கிறீர்கள்.

ஓரக் கணக்கையும் புதுப்பியுங்கள். மூன்று நிரைகளில் 3 கழித்தோம், இரண்டு நிரல்களில் 3 கூட்டினோம். நிகரம் ஒரு 3. 198 என்பது 201 ஆகிறது.

வெறுங்கையோடு நின்றவருக்கு வேலை

பழைய நான்கு பெட்டிகளை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டாம், அவை அப்படியே பூஜ்யத்தில்தான் இருக்கின்றன. செல்வத்துக்கு இப்போது மில்லிங்கில் பூஜ்யம் வந்திருக்கிறது. மில்லிங் பாஷாவிடம் இருக்கிறது. பாஷாவுக்கு டேப்பிங்கிலும் பூஜ்யம் உண்டு. டேப்பிங்கில் பெட்டி இல்லை. ஆகவே பாஷாவை டேப்பிங்குக்கு நகர்த்தி, மில்லிங்கைச் செல்வத்துக்குக் கொடுங்கள். முடிந்தது: முருகன் லேத், செல்வம் மில்லிங், ரவி டிரில்லிங், அந்தோணி கிரைண்டிங், பாஷா டேப்பிங். முதல் அட்டவணையில் கூட்டிப் பாருங்கள்: 40 + 42 + 30 + 51 + 38 = 201. ஓரக் கணக்கும் 201. இரண்டும் ஒத்துப்போனால் இதைவிடக் குறைவாக யாரும் கொண்டுவர முடியாது. ஒத்துப்போகவில்லை என்றால் நடுவில் எங்கோ கழித்தலில் கை தவறியிருக்கிறது.

வேறு வழியிலும் நகர்த்தலாம். செல்வத்துக்கு டிரில்லிங்கைக் கொடுத்து, ரவியை டேப்பிங்குக்கு அனுப்புங்கள். பாஷா மில்லிங்கிலேயே இருப்பார். 40 + 35 + 33 + 51 + 42, அதுவும் 201. இரண்டு விடையும் சரி. எதை எடுப்பது என்பதைக் கணக்கு சொல்லாது, ஃபோர்மேன் சொல்வார். நேற்று டிரில்லிங்கில் யார் இருந்தார், யார் கையில் ஃபிக்ஸ்சர் செட் ஆகியிருக்கிறது என்று பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கே போடாமல் கண்ணளவில் சிறிய எண்ணாக எடுத்துக்கொண்டு போயிருந்தால்? ரவிக்கு டிரில்லிங் 30, செல்வத்துக்கு லேத் 35, பாஷாவுக்கு டேப்பிங் 38. மிச்சம் முருகனும் அந்தோணியும், மில்லிங்கும் கிரைண்டிங்கும். மில்லிங்கில் இருவருக்கும் 49. முருகனை அங்கே விட்டால் மொத்தம் 203, அந்தோணியை விட்டால் 205. வித்தியாசம் சில நிமிஷம்தான் என்று தோன்றும். உண்மைதான், ஆட்களின் நேரங்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது லாபம் சிறியதாகத்தான் இருக்கும். ஒருவருக்கு 30, இன்னொருவருக்கு 90 என்று அகன்று நிற்கும் அட்டவணையில்தான் இந்த உழைப்புக்குப் பலன் தெரியும்.

ஆறு பேர், ஐந்து வேலை என்று வந்தால் ஆறாவதாக ஒரு பொய் வேலையை நிரலாகச் சேர்த்து முழுவதும் 0 எழுதுங்கள். அது யாருக்கு விழுகிறதோ அவருக்கு அன்று வேறு வேலை கொடுக்கலாம். அப்போது எல்லா நிரையிலும் மிகச் சிறியது 0 ஆகிவிடுவதால் நிரைக் கழித்தலில் ஒன்றும் நடக்காது, நேராக நிரல் கழித்தலுக்குப் போய்விடுங்கள்.

இந்தக் கணக்கு எதைக் குறைக்கிறது என்று பாருங்கள்

201 என்பது ஐந்து பேரின் நேரத்தையும் கூட்டிய தொகை. கூலி நிமிஷக் கணக்கில் போகிறது, அல்லது வேலை முடித்தவர் உடனே அடுத்த ஆர்டருக்குப் போய்விடுவார் என்றால் நீங்கள் குறைக்க வேண்டியது இதைத்தான். ஆனால் ஐவரும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஐந்து லாட்டும் ஒன்றாக ஒரே வண்டியில் ஏற வேண்டும் என்றால் கேள்வியே வேறு. அப்போது வண்டி காத்திருப்பது கடைசியாக முடிப்பவருக்காக. மேலே வந்த இரண்டு விடையிலும் அந்தோணி கிரைண்டிங்கில் 51 நிமிஷம் நிற்கிறார்.

அதற்கு முறை இன்னும் எளிது. அந்தோணி எந்த வேலை செய்தாலும் 45-க்குக் குறையாது, ஆகவே 45-க்குக் கீழே முடியவே முடியாது. முதல் அட்டவணையில் 45-க்கு மேற்பட்ட கட்டங்களை எல்லாம் அடித்துவிட்டு, மிச்சத்தில் ஆளுக்கு ஒன்று அமைகிறதா என்று பாருங்கள். கிரைண்டிங்கில் ரவி மட்டும் மிஞ்சுகிறார், 41. அந்தோணிக்கு டேப்பிங் மட்டும், 45. மீதி மூவரில் பாஷாவுக்கு மில்லிங் 42, முருகனுக்கு லேத் 40, செல்வத்துக்கு டிரில்லிங் 35. அமைந்துவிட்டது. மொத்தம் 203, அதாவது 2 நிமிஷம் கூடுதல். ஆனால் கடைசி லாட் 51-க்குப் பதில் 45-இல் முடிந்துவிடுகிறது. 45-இல் அமையாமல் போயிருந்தால் அட்டவணையில் அடுத்த பெரிய எண்ணான 47-ஐ எல்லையாக வைத்து மறுபடி பார்த்திருக்க வேண்டும்.